முதல் நாள் 9.6, மறுநாள் 5.1: தம்ப்நெயில் கெட்டுப்போச்சா?

பழைய ஃபிலிம் கேமராக்களைப் பிரித்துச் சரிசெய்து காட்டும் ஒரு யூட்யூப் சேனலை நடத்துகிற தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம். அவர் ஒவ்வொரு வீடியோ போட்ட மறுநாளும் எனக்கு அனுப்புகிற செய்தி கிட்டத்தட்ட ஒன்றுதான்: "அண்ணா, சிடிஆர் பாதியா விழுந்துடுச்சு. தம்ப்நெயிலை மாத்திடவா?" சிடிஆர் என்றால், திரையில் தெரிந்த தம்ப்நெயிலை எத்தனை சதவீதம் தட்டினார்கள் என்பது. அவர் மட்டும் என்றில்லை, சேனல் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இரண்டாம் நாள் இதே பதற்றம். "அது அப்படித்தான் விழும், விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பல நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் "ஏன் விழுது, எவ்வளவு விழுந்தா பயப்படணும்?" என்று அவர் திருப்பிக் கேட்டபோது, ஒரு வீடியோவை எடுத்து உட்கார்ந்து எண்களைப் பிரித்துப் பார்த்தால்தான் பதில் சொல்ல முடியும் என்று தோன்றியது. பார்த்தோம். விழுந்ததற்குக் காரணம் ஓரளவு நான் எதிர்பார்த்ததுதான். அதற்குப் பிறகு அந்த எண் மறுபடி ஏறியது பாருங்கள், அதைப் பற்றித்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த எண் எதை எதால் வகுக்கிறது என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது. யூட்யூபுக்குள் உங்கள் தம்ப்நெயில் ஒருவருடைய திரையில் பாதிக்கு மேல் தெரிந்து, ஒரு வினாடிக்கு மேல் நின்றால்தான் அது ஒரு இம்ப்ரெஷன். விரலால் சர்ரென்று தள்ளிவிட்டுப் போனால் கணக்கில் வராது. அப்படிப் பதிவான இம்ப்ரெஷன்களில் எத்தனை, வீடியோ பார்ப்பதில் முடிந்தன என்பதுதான் சிடிஆர். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நோட்டிஃபிகேஷனைத் தட்டி வந்தவர், வாட்ஸ்அப்பில் வந்த லிங்க் வழியாக வந்தவர், இன்னொரு வீடியோவின் எண்ட் ஸ்கிரீனிலிருந்து வந்தவர், இவர்கள் யாரும் இந்தக் கணக்கில் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அவர்களுடைய வியூ மட்டும் மொத்த வியூஸில் சேரும்.

தம்பி முதலில் போட்டு வைத்திருந்த கணக்கு இப்படி: முதல் நாள் 260 வியூஸ், 2,000 இம்ப்ரெஷன், அப்படியானால் 13 சதவீதம். ஸ்டூடியோ காட்டியதோ 9.6. "யூட்யூப் தப்பாக் காட்டுது அண்ணா" என்றார். தப்பில்லை. அந்த 260 பேரில் இம்ப்ரெஷன் வழியாக வந்தது 192 பேர்தான், மீதி 68 பேர் நோட்டிஃபிகேஷன், வெளி லிங்க் என்று வந்தவர்கள். 192-ஐ 2,000-ஆல் வகுத்தால் 9.6. யோசித்துப் பார்த்தால் இது கொஞ்சம் விசித்திரமான எண்தான். மணி ஐகானை அழுத்தி வைத்துவிட்டு வீடியோ வந்த நிமிடமே ஓடி வருகிற தீவிர ரசிகர், தம்ப்நெயில் எப்படி இருந்தாலும் பார்த்திருப்பார், ஆனால் சிடிஆருக்கு அவரால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

(இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் எல்லாம் அந்த வீடியோவின் எண்களை வகுக்க வசதியாக முழுமையாக்கியவை. போக்கு மாறவில்லை.)

இரண்டாம் நாள் என்ன நடந்தது

முதல் நாள் 2,000 இம்ப்ரெஷன், 9.6 சதவீதம். இரண்டாம் நாள் 12,000 இம்ப்ரெஷன், 5.1 சதவீதம். மொத்தத்தை மட்டும் பார்த்தால் பாதியாக விழுந்தது உண்மைதான். ஆனால் ஸ்டூடியோவில் அட்வான்ஸ்டு மோடுக்குப் போய் `Traffic source`, அதாவது பார்வையாளர் எந்த மூலத்திலிருந்து வந்தார், என்று பிரித்து, முதல் நாளை மட்டும் தனியாக, இரண்டாம் நாளை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது.

முதல் நாளில் `Browse features`, அதாவது ஹோம் பக்கமும் சப்ஸ்கிரிப்ஷன் பக்கமும் சேர்ந்த பகுதி, 1,400 இம்ப்ரெஷன் கொடுத்தது, அதில் 10 சதவீதம் பேர் தட்டினார்கள், 140 பேர். சேனல் பக்கத்துக்கே வந்து பார்த்தவர்களிடம் 400 இம்ப்ரெஷன், 11 சதவீதம், 44 பேர். வேறு வீடியோக்களுக்குப் பக்கத்தில் சஜஸ்டடாக வந்தது வெறும் 200, அதில் 4 சதவீதம், 8 பேர். கூட்டினால் 192.

இரண்டாம் நாளில் பிரவுஸ் 3,000 இம்ப்ரெஷன், 8 சதவீதம், 240 பேர். சேனல் பக்கம் 200 இம்ப்ரெஷன், அதே 11 சதவீதம், 22 பேர். சஜஸ்டட் 8,800 இம்ப்ரெஷன், அதே 4 சதவீதம், 352 பேர். கூட்டினால் 614. அதை 12,000-ஆல் வகுத்தால் 5.1.

இப்போது இந்த இரண்டு பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேனல் பக்கத்தில் மாற்றமே இல்லை. சஜஸ்டடில் மாற்றமே இல்லை. பிரவுஸில் 10 என்பது 8 ஆனது. எந்த இடத்திலும் பாதியாக எதுவும் விழவில்லை. ஆனால் மொத்தம் மட்டும் பாதிக்குப் பக்கமாக விழுந்திருக்கிறது. ஏனென்றால் முதல் நாளில் மொத்த இம்ப்ரெஷனில் பத்தில் ஒரு பங்காக இருந்த சஜஸ்டட், இரண்டாம் நாளில் நான்கில் மூன்று பங்குக்கு அருகில் வந்துவிட்டது. குறைவாகத் தட்டுகிற இடத்தின் எடை கூடிவிட்டால் சராசரி அதன் பக்கம் சாயத்தானே செய்யும்.

எவ்வளவு சாய்ந்தது என்று பிரித்துப் பார்க்கவும் ஒரு எளிய வழி இருக்கிறது. இரண்டாம் நாளின் சதவீதங்களை எடுத்துக்கொண்டு, இம்ப்ரெஷன் மட்டும் முதல் நாள் மாதிரியே பிரிந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று போட்டுப் பார்க்கலாம். முதல் நாளில் பிரவுஸ் 70 சதவீதம், சேனல் பக்கம் 20, சஜஸ்டட் 10.

```
0.70 × 8 + 0.20 × 11 + 0.10 × 4 = 8.2
```

அதாவது 9.6-இலிருந்து 8.2 வரை விழுந்த 1.4 புள்ளிதான் ஜனங்கள் உண்மையிலேயே கொஞ்சம் குறைவாகத் தட்டியதால் வந்தது. 8.2-இலிருந்து 5.1 வரையான மீதி 3.1 புள்ளி, தம்ப்நெயிலை யாருக்கு எங்கே காட்டினார்கள் என்பது மாறியதால் வந்தது. தம்பி மாற்ற நினைத்த தம்ப்நெயிலுக்கு அந்த மூன்று புள்ளியோடு சம்பந்தமே இல்லை.

சரி, சஜஸ்டடில் ஏன் 4 தான்? அந்த இடத்தை யோசித்தால் புரியும். ஒருவர் வேறு யாருடைய வீடியோவையோ பார்க்க வந்திருக்கிறார், உங்களைத் தெரியாது, உங்கள் படம் ஒரு பத்துப் படங்களுக்கு நடுவில் ஓரமாக, சின்னதாக நிற்கிறது. தம்பியின் தம்ப்நெயிலில் இடது பக்கம் பூஞ்சை பிடித்த லென்ஸ், வலது பக்கம் கீழே மஞ்சள் நிறத்தில் "இனி உயிர் வருமா?" என்ற எழுத்து. அவர் அதைத் தன் கம்ப்யூட்டரில் பெரிதாக வைத்து வடிவமைத்தவர். சஜஸ்டட் பட்டியலில் அது எப்படித் தெரிகிறது என்று பார்த்தோம். "வருமா" என்பதன் மேலேயே வீடியோவின் நேரம் காட்டும் கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. லென்ஸில் இருப்பது பூஞ்சையா புகையா என்றே தெரியவில்லை. ஏற்கெனவே அவரை அறிந்த சப்ஸ்கிரைபருக்கு லென்ஸைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிடும், அறியாதவருக்கு இந்த அளவில் ஒன்றும் புரியாது. திருத்த வேண்டியது ஏதாவது இருந்தால் இதுதான். ஆனால் இது முதல் நாளிலும் இருந்த குறைதான், முதல் நாளிலும் அங்கே 4 தான். அன்று 200 தடவை மட்டும் காட்டப்பட்டதால் மொத்தத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிரவுஸில் அந்த இரண்டு புள்ளி

பிரவுஸ் 10-இலிருந்து 8 ஆனதையும் "அல்காரிதம் கைவிட்டது" என்று படிக்க வேண்டியதில்லை. பிரவுஸுக்குள்ளேயே இரண்டு கூட்டம் இருக்கிறது: சப்ஸ்கிரிப்ஷன் பக்கத்தைத் திறந்து புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பவர்கள், ஹோம் பக்கத்தில் யூட்யூப் காட்டுவதைப் பார்ப்பவர்கள். முதல் நாளில் முன்னவர்கள் அதிகம், ஹோமில் காட்டப்படுவதும் பெரும்பாலும் உங்கள் பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத்தான். நாள் போகப் போக ஹோமில் புதியவர்களுக்கும் காட்டப்படுகிறது. மேலே மொத்தத்துக்கு நடந்தது இங்கே பிரவுஸுக்குள் சின்ன அளவில் நடக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, இது எனக்கு ரொம்பப் பிடித்த காரணம், ஏனோ யாரும் பேசுவதில்லை. புதியவர் ஒருவர்கூட வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம், அதே ஆயிரம் சப்ஸ்கிரைபர்களுக்கு மட்டும் காட்டுகிறார்கள். அப்போதும் சிடிஆர் விழும். பார்க்கத் துடித்தவர்கள் முதல் நாளிலேயே தட்டிவிட்டார்கள், பார்த்து முடித்தும்விட்டார்கள். இரண்டாம் நாள் மிச்சமிருப்பவர்கள் யார்? முதல் நாள் அதே தம்ப்நெயிலைப் பார்த்து "அப்புறம் பார்க்கலாம்" என்று தாண்டிப் போனவர்கள். அவர்களுக்கு மறுபடி காட்டினால் அதுவும் புது இம்ப்ரெஷன்தான், பழையபடி கீழே வகுக்கிற எண்ணில் சேர்ந்துகொள்ளும். ஒரே ஆள் மூன்று தடவை பார்த்து மூன்றாவது தடவை தட்டினால் மூன்று இம்ப்ரெஷன், ஒரு வியூ. ஆக, நன்றாகத் தட்டுகிறவர்கள் முதலில் வெளியேறிவிடுகிற ஒரு வரிசை இது. இரண்டாம் நாளில் சதவீதம் அப்படியே நின்றால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

இதற்கு நடுவில் எண்ணைப் படிப்பதிலேயே வருகிற சில குழப்பங்களும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டூடியோவின் ஒரு "நாள்" என்பது பசிபிக் நேரப்படி நள்ளிரவில் முடிவது, நீங்கள் எங்கே இருந்தாலும். வீடியோ போட்ட நேரத்தைப் பொறுத்து உங்கள் முதல் நாள் இருபது மணி நேரமாகவும் இருக்கலாம், மூன்று மணி நேரமாகவும் இருக்கலாம். இரண்டு வீடியோக்களின் முதல் நாளை ஒப்பிடுமுன் இதைப் பாருங்கள். அடுத்தது, இரண்டு நாளின் சதவீதங்களைக் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள். 9.6-க்கும் 5.1-க்கும் நடுவில் 7.35 வரும், ஆனால் இரண்டு நாளும் சேர்ந்த உண்மையான சிடிஆர் 14,000-க்கு 806, அதாவது 5.8. வீடியோ பக்கத்தில் மொத்தமாகத் தெரிவது இந்த 5.8 மாதிரியான எண்தான், அதனால் அது ஒவ்வொரு நாளும் என்ன நடக்கிறது என்பதை மறைத்துக்கொண்டு மெதுவாக இறங்கும். மூன்றாவது, முதல் இரண்டு மணி நேரத்து எண்ணை நம்பாதீர்கள். 200 இம்ப்ரெஷனில் 12 பேர் தட்டினால் 6 சதவீதம், ஆனால் வெறும் தற்செயலாகவே அது 3-க்கும் 9-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். யூட்யூபே தன் உதவிப் பக்கத்தில், பாதிச் சேனல்களும் வீடியோக்களும் 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கும் என்றும், 100 வியூஸுக்குக் கீழே உள்ளவையும் ஒரு வாரம் ஆகாதவையும் இன்னும் அகலமாக அலையும் என்றும் சொல்கிறது.

ஏறியதுதான் சிக்கல்

இவ்வளவு பேசியும் தம்பிக்கு மனசு கேட்கவில்லை. நான்காம் நாள் தம்ப்நெயிலை மாற்றிவிட்டார். எழுத்தை எடுத்துவிட்டு, கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு தானே வாய் பிளந்து நிற்கிற படம், வழக்கமானதுதான். ஐந்தாம் நாள் எண்கள் வந்தன. சிடிஆர் 8 சதவீதம். 5.1-இலிருந்து 8. "பார்த்தீங்களா அண்ணா!" என்று ஆச்சரியக்குறிகளோடு செய்தி. அந்த நொடியில் எனக்கும் ஒரு தடுமாற்றம் வந்தது என்பதுதான் நிஜம். விழுந்ததற்கு விளக்கம் சொல்லிவிட்டேன், ஏறியதற்கு என்ன சொல்வது? மாற்றியது தம்ப்நெயில், ஏறியது சிடிஆர். யார் பார்த்தாலும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்றுதான் சொல்வார்கள்.

மறுபடி அதே இடத்தில் பிரித்துப் பார்த்தோம். ஐந்தாம் நாள் மொத்தம் 1,500 இம்ப்ரெஷன். பிரவுஸ் 700, 8 சதவீதம், 56 பேர். சேனல் பக்கம் 200, 11 சதவீதம், 22 பேர். சஜஸ்டட் 300, 4 சதவீதம், 12 பேர். முன்பு இல்லாத ஒன்று புதிதாக வந்திருந்தது: தேடல், 300 இம்ப்ரெஷன், 10 சதவீதம், 30 பேர். அந்தக் கேமராவின் மாடல் பெயரைத் தட்டச்சு செய்து தேடியவர்கள். மொத்தம் 120, அதை 1,500-ஆல் வகுத்தால் 8.

பிரவுஸ் இரண்டாம் நாள் இருந்த அதே 8. சேனல் பக்கம் அதே 11. சஜஸ்டட் அதே 4. புதுத் தம்ப்நெயில் எந்த இடத்திலும் எதையும் நகர்த்தவில்லை. முக்கியமாக நகர்ந்தது ஒன்றுதான்: 8,800 இருந்த சஜஸ்டட் இம்ப்ரெஷன் 300 ஆகிவிட்டது. தெரியாதவர்களுக்குக் காட்டுவதை யூட்யூப் ஏறக்குறைய நிறுத்திக்கொண்டது, மிச்சமிருந்தவர்கள் தெரிந்தவர்களும் தேடி வந்தவர்களும். அவர்கள் தட்டத்தான் செய்வார்கள். அதனால் சராசரி ஏறியது. இம்ப்ரெஷன் வழியாக வந்த வியூஸ் 614-இலிருந்து 120-க்கு இறங்கிய அதே காலத்தில், அவர் கொண்டாடிய எண் மேலே போய்க்கொண்டிருந்தது.

எனக்கு இதில் உறைத்தது என்னவென்றால், தம்ப்நெயிலை மாற்றுபவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இந்த நேரத்தில்தான் மாற்றுகிறார்கள். சஜஸ்டடில் பரவும்போது சிடிஆர் விழுகிறது, பயந்து மாற்றுகிறோம், அதற்குள் பரவல் தானாக அடங்கிவிடுகிறது, சிடிஆர் தானாக ஏறுகிறது, மாற்றியதால் ஏறியது என்று நம்புகிறோம். மாற்றாமலே இருந்திருந்தாலும் ஏறியிருக்கும். "சிடிஆர் விழுந்தா உடனே தம்ப்நெயிலை மாத்துங்க, எனக்கு வேலை செஞ்சுது" என்று சொல்கிற அத்தனை பேரும் பொய் சொல்லவில்லை, அவர்கள் திரையில் அப்படித்தான் தெரிந்திருக்கும். அந்த அறிவுரை சாகாமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் எப்போதுதான் தம்ப்நெயிலைக் குறை சொல்லலாம்? இரண்டு இடங்களில் நான் சந்தேகப்படுவேன். ஒன்று, ஒரே மூலத்துக்குள், அங்கே இம்ப்ரெஷன் கூடாமலேயே, சிடிஆர் தொடர்ந்து விழுந்தால். இம்ப்ரெஷன் கூடி சிடிஆர் விழுவது பரவலின் அடையாளம், இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தில் விழுந்தால் பார்ப்பவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று பொருள், அது தம்ப்நெயிலாகவும் இருக்கலாம், தலைப்பாகவும் இருக்கலாம், விஷயமாகவே இருக்கலாம். இரண்டு, உங்களுடைய முந்தைய வீடியோக்கள் இதே வயதில், இதே மூலத்தில் என்ன எடுத்தன என்று பார்க்கும்போது இது மட்டும் வெகுவாகப் பின்தங்கியிருந்தால். தம்பியின் மற்ற வீடியோக்கள் சஜஸ்டடில் என்ன எடுத்தன என்று பார்த்தோம், 5, 6 என்று இருந்தது. இதற்கு 4. ஆக, அந்த நேரப் பெட்டிக்குள் ஒளிந்த எழுத்து கொஞ்சம் கெடுத்திருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அதை முதல் நாள் 9.6-ஐயும் மறுநாள் 5.1-ஐயும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

நாள் மாறினால் பார்ப்பவர்களும் மாறுகிறார்கள் என்பதால், முன்பு பின்பு என்று ஒப்பிடுவதே இங்கே உதவாது. ஒரே நேரத்தில் இரண்டு தம்ப்நெயில்களையும் பிரித்துக் காட்டினால்தான் இரண்டுக்கும் ஒரே மாதிரியான கூட்டம் கிடைக்கும். அதற்காகத்தான் ஸ்டூடியோவில் `Test & compare` என்ற பெயரில் வந்த ஏ/பி சோதனை வசதி இருக்கிறது, மூன்று தம்ப்நெயில் வரை போட்டு ஓடவிடலாம். அது சிடிஆரை வைத்து வெற்றியாளரைச் சொல்வதில்லை, எந்தத் தம்ப்நெயில் வழியாக வந்தவர்கள் மொத்தத்தில் அதிக நேரம் பார்த்தார்கள் என்ற பங்கை வைத்துத்தான் சொல்கிறது. முதலில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது, தட்டியதைக் கேட்டால் பார்த்ததைச் சொல்கிறதே என்று. பிறகு அந்த வாய் பிளந்த படத்தை நினைத்தால் சரிதான் என்று பட்டது. அது அதிகம் பேரைத் தட்ட வைத்து, அவர்கள் முப்பது வினாடியில் திரும்பிப் போனால் சிடிஆர் அதைப் பாராட்டும், இந்தச் சோதனை பாராட்டாது.

தம்பி இப்போது அடுத்த வீடியோவுக்கு எழுத்தை மேல் இடது மூலைக்கு மாற்றிய ஒன்று, எழுத்தே இல்லாத ஒன்று என்று இரண்டைப் போட்டு ஓடவிட்டிருக்கிறார். தினசரி சிடிஆர் செய்தி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது, கூடவே எந்த மூலத்தில் எவ்வளவு என்றும் எழுதி அனுப்புகிறார். நேற்று அனுப்பியதில் பிரவுஸ் 9, சஜஸ்டட் 5, சஜஸ்டட் இம்ப்ரெஷன் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. மொத்தம் என்ன என்று அவர் எழுதவில்லை.